உதவி: வேகம் ஏறும் இடத்தில் டிரம்மர் கிளிக்கை விட்டு விலகுகிறார், டெம்போ மேப்பில் தப்பு எங்கே?

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு

வணக்கமுங்க. எங்க ஊர் உற்சவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கு. அம்மன் பாட்டு ஒன்று நாங்களே கட்டினது. தொடக்கம் தாளம் இல்லாத நாதஸ்வர ஆலாபனை. அப்புறம் பல்லவி 76இல் வரும், நடுவில் 104 வரைக்கும் ஏறும், கடைசிப் பகுதி 6/8. கோரஸும் ஸ்டிரிங்ஸும் லேப்டாப்பிலிருந்து ஓடுது, டிரம்ஸ் மட்டும் நேரடி. வாசிக்கிறவர் சித்தூர்க்காரர், எங்க பக்கத்துச் சித்தூர். இருபது வருசம் கானமேளா வாசிச்ச சேட்டன், தாளத்தில் கெட்டி.

ரீப்பர்லதான் மேப் போட்டேன். பாடகர் கிளிக் இல்லாம பாடின பழைய பதிவை வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு டெம்போ மார்க்கர் வைத்தேன். இரண்டு நாள் ஆச்சு. என் காதுக்குச் சரியா இருக்கு. ஆனா சேட்டன் "இது கிளிக் இல்லை மோனே, ஆடுது"ங்கறார். வேகம் ஏறுற இடத்தில் பின்தங்குறார், 6/8 தொடங்கும்போது முதல் பார் முழுசாப் போயிடுது. மேப் போடப்போட பாடகர் பதிவும் இடம் மாறிட்டே இருந்தது, அது தனிக் கொடுமை. எங்க தப்பு பண்றேன்?

நகரி பேஸ்

ஆந்திரா எல்லையிலிருந்து எழுதறேன். இது லேட்டன்சி பிரச்சினை சார். பஃபரை 64க்கு இறக்குங்க. எங்களுக்கு அதுலதான் சரியாச்சு. அப்புறம் அடிக்கொரு மார்க்கர் வேண்டாம், அதையெல்லாம் அழிச்சிட்டு முழுப் பாட்டுக்கும் ஒரே வேகம் வெச்சிடுங்க.

நெம்மாறை செண்டை

நான் மேளக்காரன். பஞ்சாரியில் ஐந்து காலம். 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று வரும், வேகம் ஏறிட்டே போகும். நூறு பேர் நின்றாலும் யார் காதிலும் கிளிக் கிடையாது. முன்னால் நிற்கிற பிரமாணியைப் பார்த்தே எல்லாரும் காலம் மாறுறாங்க. கிளிக்கே வேண்டாம், டிரம்மரைப் பாடகரைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு

சேட்டா, லேப்டாப் கோரஸ் பிரமாணியைப் பார்க்காதே. அதுதான் சிக்கல். ஒரே வேகமும் முடியாதுங்க நகரிக்காரரே, ஏறும்போதுதான் சாமி வரும், அதை எடுத்தால் பாட்டே இல்லை.

பொள்ளாச்சி மிக்ஸ்

தம்பி, எதையும் மாற்றாதீங்க. முதலில் ஒரு காரியம் பண்ணுங்க. சேட்டனை உங்க மேப்போடு ஒரு தடவை வாசிக்க வைத்து, கிக்கை மட்டும் தனி டிராக்கில் பதிவு பண்ணுங்க. அப்புறம் பெரிசாக்கி, கிக் அலையின் முனை கிரிட் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு மூன்று இடத்தில் பாருங்க. பல்லவி, ஏறும் இடம், 6/8 தொடக்கம்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் நகரி தம்பி சொன்ன லேட்டன்சி. முன்னும் பின்னுமா மாறினால் மேப் ஆடுது. ஏறும் இடத்தில் மட்டும் பிந்தினால், வேகம் மாறப்போகுதுன்னு அவருக்கு யாரும் சொல்லலை.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு

நேற்று ராத்திரி பண்ணிட்டேன் அண்ணா. பல்லவியில் ஒரு அடி 20 மில்லிசெகண்ட் முந்தி, அடுத்தது 25 பிந்தி, இப்படி மாறி மாறி. ஏறும் இடத்தில் முதல் பாரில் 30, இரண்டாவதில் 60, அதுக்கு அடுத்து 80 பிந்தல். 6/8 முதல் பாரில் அளக்கவே முடியலை, வேற எங்கேயோ இருக்கார். ஏற்றம் 76லிருந்து 104க்கு இரண்டு பாரில், நேர்கோடா வைத்திருக்கேன். பல்லவியில் என் மார்க்கர்களைப் பார்த்தா 73.8, 78.1, 75.2ன்னு இருக்கு.

பொள்ளாச்சி மிக்ஸ்

விடை அந்த மூன்று எண்ணிலேயே இருக்கு. 73.8ன்னா அடுத்த அடிக்கு 813 மில்லிசெகண்ட். 78.1ன்னா 768. 75.2ன்னா 798. பாடகர் மூச்சு விட்ட இடம், சொல்லை இழுத்த இடம் எல்லாம் கிளிக்கில் ஏறிடுச்சு. கேட்கும்போது உங்களுக்குச் சரியாத்தான் தோணும், ஏன்னா பாட்டும் கூடவே ஆடுது. டிரம்மர் கிளிக்கைக் கேட்ட பிறகு அடிக்கிறதில்லை தம்பி, முந்தின இரண்டு அடியை வைத்து அடுத்தது எங்கே விழும்னு முன்கூட்டியே கையைத் தூக்கறார். கிளிக் ஒவ்வொரு தடவையும் அவரை ஏமாற்றுது. அவர் "ஆடுது"ன்னு சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இப்படிப் பண்ணுங்க. முதலில் பாடகர் பதிவு இருக்கிற டிராக்கின் டைம்பேஸை `Time` ஆக்குங்க. ஆலாபனை நாதஸ்வரத்துக்கும் அதே. இனி மார்க்கரை நகர்த்தினாலும் அவை அசையாது. உங்க தனிக் கொடுமை அதோடு தீரும். ஸ்டிரிங்ஸ், கோரஸ் மிடியா இருந்தா அவை `Beats`லயே இருக்கட்டும், மேப்போடு சேர்ந்து நகரணும்.

அப்புறம் எல்லா மார்க்கரையும் அழிங்க. பல்லவியில் நாலு பாருக்கு ஒரு தடவை முதல் அடி எத்தனை செகண்டில் விழுதுன்னு குறிங்க. நாலு பாருக்கு 16 அடி. 12.4 செகண்ட் ஆனா, 60ஐ 16ஆல் பெருக்கி 12.4ஆல் வகுங்க, 77.4 வரும். அடுத்த நாலு பார் 12.7ன்னா 75.6. இதில் எது உண்மையான வேக மாற்றம், எது பாடகரின் தள்ளாட்டம்னு கேட்டு முடிவு பண்ணுங்க. இங்கே தள்ளாட்டம்தான். 76ன்னு ஒரே மார்க்கர் போதும், பாடகர் அந்தக் கிளிக்கில் புதுசாப் பாடட்டும். மேடைக்குப் போகாத பதிவுக்கு அடிமையா இருக்க வேண்டியதில்லை.

ஆலாபனையில் கிளிக்கே வைக்காதீங்க. அது முடிகிற இடத்தில் மார்க்கர் வைத்து, இரண்டு பார் எண்ணிக்கையோடு கிளிக் தொடங்கட்டும்.

நகரி பேஸ்

பஃபர் பற்றி நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஏற்றத்துக்கு நேர்கோடு வேண்டாம் சார். பாருக்கு ஒரு படி வையுங்க, 76, 83, 90, 97, 104. பாருக்குள்ள வேகம் நிலையா இருக்கும், டிரம்மர் பிடிச்சுக்குவார்.

பொள்ளாச்சி மிக்ஸ்

படி சில பேருக்குச் சரியா வரும். ஆனா ஒவ்வொரு பாரின் இரண்டாவது அடியிலும் ஒரு தள்ளு விழும். பம்பை, உடுக்கை மாதிரி வழுக்கி ஏறுற பாட்டில் அது காதில் படும். நான் கோட்டையே வைப்பேன், ஆனா நாலு பாருக்கு நீட்டி. தம்பி வைத்த இரண்டு பாரில், தொடக்கத்தில் ஒவ்வொரு அடியும் முந்தினதைவிட முப்பது சொச்சம் மில்லிசெகண்ட் சுருங்குது. நாலு பாரானால் அதில் பாதி. சேட்டன் பிந்தினது 30, 60, 80ன்னு கூடிட்டே போனதுக்குக் காரணம் அதுதான், பழைய இடைவெளியை நம்பி அடித்த ஒவ்வொரு அடியின் பிந்தலும் மேலே மேலே சேருது.

இன்னும் முக்கியம், ஏறும் நாலு பாரிலும் அரை அடிக் கிளிக்கும் சேருங்க. மெதுவான வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவே முக்கால் செகண்ட் அவர் இருட்டில் நிற்கிறார். நடுவில் ஒரு சத்தம் வந்தால் சுருங்குறது பாதி நேரத்திலேயே தெரியும். செண்டைச் சேட்டன் சொன்ன பிரமாணி இங்கேயும் வேணும். உங்க குரலிலேயே கிளிக் டிராக்கில் பேசுங்க. ஏற்றத்துக்கு இரண்டு பார் முன்னாடி முதல் அடியில் "ஏறுது"ன்னு சொல்லுங்க, அடுத்த பாரில் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்". மாறுற அடியிலேயே சொன்னால் பயனில்லை, அதுக்குள்ள கை இறங்கிடும்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு

அப்ப 6/8? நான் அதிலும் 104ன்னுதான் போட்டிருக்கேன். அடி அதேதான் அண்ணா, மூன்று மூன்றாப் பிரியுது, அவ்வளவுதான்.

பொள்ளாச்சி மிக்ஸ்

அங்கேதான் முதல் பார் போகுது. ரீப்பரில் பிபிஎம் கால் நோட்டுக்கு. 6/8இல் நீங்க கால் அசைக்கிற அடி ஒன்றரைக் கால் நோட்டு. அதனால் 104ஐ ஒன்றரையால் பெருக்கி 156 போடணும். 104 போட்டால் சேட்டன் உணர்கிற அடி 69 சொச்சத்துக்கு இறங்கிடும், இவர் 104இல் வாசிச்சிட்டே வர்றார்.

156 போட்டாலும் ஒரு வேலை பாக்கி. 6/8க்கு முந்தின பாரில் கிளிக்கை மூன்று மூன்றாகப் பிரிங்க. 104இல் ஒரு அடி 577 மில்லிசெகண்ட், மூன்றாப் பிரிச்சா 192. 156இல் எட்டாம் நோட்டும் அதே 192. கோட்டைத் தாண்டும்போது அவர் காதில் எதுவுமே மாறாது, அழுத்தம் விழுற இடம் மட்டும் மாறும்.

`Insert > Click source` இதற்கெல்லாம் வளையாது. தனி டிராக்கில் மிடி நோட்டா நீங்களே எழுதுங்க. சத்தம் ஹைஹேட் மாதிரி இருக்க வேண்டாம், சிம்பலுக்குள் மூழ்கிடும். மரக்கட்டை மாதிரி நல்லாக் கேட்கும். எழுதி முடிச்சதும் கிளிக்கையும் பேக்கிங்கையும் ஒரே தடவையில் எக்ஸ்போர்ட் பண்ணுங்க. மேப்பைத் திருத்திட்டு பழைய கிளிக் ஃபைலையே வைத்து மேடையில் மாட்டிக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு

ஐந்து நாள் கழித்து எழுதறேன். முப்பது சொச்சம் மார்க்கர் இருந்த பல்லவியில் இப்ப ஒன்றே ஒன்று. முழுப் பாட்டுக்கும் நாலு. கிக்கை மறுபடி அளந்தேன். பல்லவியில் ஐந்து ஆறு மில்லிசெகண்டுக்குள்ள நிற்குது. ஏற்றத்தில் முதல் இரண்டு பாரில் 15 பிந்துது, மூன்றாவதில் சேர்ந்துக்கறார். 6/8இல் கண்ணை மூடிட்டு இறங்கினார், எழுந்து வந்து தோளில் தட்டினார்.

நகரிக்காரர் சொன்ன படியையும் வாசிக்க வைத்துப் பார்த்தேன். அளவில் படிதான் கொஞ்சம் நெருக்கமா வந்தது. ஆனா சேட்டனுக்குக் கோடு பிடிச்சிருக்கு, பாடகருக்கும் அதே. கோட்டையே வைக்கிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. பாட்டு முடியும்போது பாடகர் அன்றைக்கு அம்மன் முன்னால் எவ்வளவு இழுப்பார்னு அவருக்கே தெரியாது. அந்த இடத்தில் கோரஸும் ஓடுது. கிளிக் என்ன பண்றது?

பொள்ளாச்சி மிக்ஸ்

கோரஸ் ஓடுற வரைக்கும் கிளிக்கை நிறுத்த முடியாது. கோரஸை அதுக்கு முந்தின அடியிலேயே வெட்டிட முடியுமா?

நெம்மாறை செண்டை

வெட்டுங்க. அந்த நாலு வரியை ஊர்ப் பெண்கள் நாலு பேரை மேடையில் நிறுத்திப் பாட வையுங்க. சேட்டன் பாடகரைப் பார்த்து வாசிப்பார்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு

கேட்டுப் பார்க்கறேன் சேட்டா. நாளைக்கு ஒத்திகைக்கு என் அத்தையும் சித்தியும் வர்றாங்க.