1/3-இல் மூலையே இல்லை, ஆனாலும் தொடலி இல்லை

கல்லடிக்கரை
அடுத்த வருடம் உயர்தரம், இணைந்த கணிதம். எங்கும் அறுபடாத, ஆனால் ஒரு புள்ளியில்கூட வகையிட முடியாத சார்பு உண்டு என்று டியூஷனில் சேர் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். |x| மாதிரி அங்கங்கே மூலை என்றால் புரிகிறது. எல்லாப் புள்ளியிலும் எப்படி? எவ்வளவு நெளிந்தாலும் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் நேர்கோடாகத் தெரிய வேண்டாமா?

கொக்கட்டி மச்சான்
இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை தங்கச்சி. |x|-க்கு ஒரு மூலை. அந்த மூலையை எல்லா இடத்திலும் அடர்த்தியாகப் போட்டுவிட்டால் எங்கே கை வைத்தாலும் மூலைதான், தொடலி வைக்க இடமேது? தகாகி சார்பு என்று தேடிப் பார். ஒரு வாள்பல் கோடு, அதன் மேல் பாதி அளவில் இன்னொன்று, அதன் மேல் கால் அளவில் இன்னொன்று, இப்படியே முடிவில்லாமல். முடிவில்லாத மூலைகள். கதை முடிந்தது.

ஒலுவில் கரும்பலகை
கதை முடியவில்லை மச்சான். ஜப்பான்காரர் தகாகி 1903-இல் கொடுத்த சார்பு இது. x-இலிருந்து மிகக் கிட்டிய முழுவெண்ணுக்கு உள்ள தூரத்தை s(x) என்று எடுங்கள்.

```
T(x) = s(x) + s(2x)/2 + s(4x)/4 + s(8x)/8 + ...
```

இதில் மூலைகள் எங்கே வருகின்றன? 1/2, 3/4, 5/8 போல, கீழே 2-இன் வலு உள்ள பின்னங்களிலும் முழுவெண்களிலும் மட்டும். 1/3-ஐ அப்படி எழுதவே முடியாது. இந்தக் கூட்டலில் வாள்பல் கோடுகளின் எந்த அடுக்கை எடுத்தாலும் 1/3-ஐச் சுற்றிக் கொஞ்சத் தூரத்துக்கு அது வெறும் நேர்கோடுதான். நீங்கள் சொன்ன காரணப்படி 1/3-இல் தொடலி இருக்க வேண்டும். ஆனால் இல்லை.

கொக்கட்டி மச்சான்
மூலைகள் 1/3-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கி வருகின்றனவே, அது போதாதா?

ஒலுவில் கரும்பலகை
போதாது. 2, 4, 8 என்று பிரித்த இடத்தில் 4, 16, 64 என்று பிரித்துப் பாருங்கள்: s(x) + s(2x)/4 + s(4x)/16 + … பற்கள் அதே இடங்களில், அதே அடர்த்தியில். ஆனால் கூட்டினால் 0-க்கும் 1-க்கும் இடையில் 2x(1−x) வருகிறது. சும்மா பரவளைவு! x = 1/4 போட்டுச் சரிபாருங்கள்: 1/4 + 1/8, பிறகு எல்லாம் பூச்சியம், ஆக 3/8; அந்தப் பக்கம் 2 × 1/4 × 3/4, அதுவும் 3/8. முடிவில்லாத மூலைகளைக் கூட்டி, 0-க்கும் 1-க்கும் இடையில் எங்கும் தொடலி உள்ள வளைவைச் செய்தாயிற்று. ஆகவே மூலைகளின் எண்ணிக்கை காரணம் அல்ல.

கல்லடிக்கரை
அப்போ எது காரணம் சேர்?

ஒலுவில் கரும்பலகை
படித்திறன். தகாகியின் ஒவ்வொரு அடுக்கிலும் பல்லின் உயரம் பாதியாகிறது, அகலமும் பாதியாகிறது. ஆகவே சரிவு மாறுவதே இல்லை, எல்லா அடுக்கிலும் +1 அல்லது −1. பரவளைவில் உயரம் காலாகிறது, அகலம் பாதிதான், அதனால் சரிவு 1, 1/2, 1/4 என்று தேய்ந்து போகிறது.

இப்போது 1/3-ஐ ஒரு சின்ன இடைவெளிக்குள் பிடித்து, இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோட்டின் படித்திறனைப் பார்ப்போம். தொடலி ஒன்று இருந்தால், இடைவெளி சுருங்கச் சுருங்க இந்தப் படித்திறன் ஓர் எண்ணில் போய் நிற்க வேண்டும்.

0 முதல் 1/2 வரை: T(0) = 0, T(1/2) = 1/2. படித்திறன் 1.
1/4 முதல் 1/2 வரை: T(1/4)-உம் 1/2. படித்திறன் 0.
1/4 முதல் 3/8 வரை: T(3/8) = 3/8 + 1/8 + 1/8 = 5/8. மேலே 1/8, குறுக்கே 1/8, மறுபடியும் 1.
5/16 முதல் 3/8 வரை: T(5/16)-உம் 5/8. மறுபடியும் 0.

1, 0, 1, 0 என்று ஆயுளுக்கும் ஆடும். இது 1/3-இன் தனிக் குணம் அல்ல. எந்த x-ஐப் பிடித்தாலும் இடைவெளியைப் பாதியாக்கும்போது புதிதாக ஓர் அடுக்கு உள்ளே வருகிறது, அது +1 அல்லது −1 போடுகிறது. அதற்கு அடுத்த அடுக்குகள் எல்லாம் அந்த இரண்டு நுனிகளிலும் பூச்சியம், அவை தொந்தரவு செய்வதில்லை. ஒவ்வொரு தடவையும் முழுசாக 1 மாறுகிற தொடர் எந்த எண்ணிலும் நிற்காது. பெரிதாக்கினால் நேராகும் என்று கேட்டாயே மனே, இரு மடங்கு பெரிதாக்கும்போது அதே சரிவுள்ள பற்கள் மறுபடி முளைத்து நிற்கும்.

அறுபடாமல் இருப்பது உயரத்தால். முதல் 10 அடுக்குகளுக்குப் பிறகு மிச்சம் அத்தனையும் சேர்ந்தாலும் 1/1024-ஐத் தாண்டாது.

வாவி மட்டம்
இதை நான் தினமும் வேலையில் பார்க்கிறேன் காக்கா. வாவி நீர்மட்டத்தை 10 செக்கனுக்கு ஒரு தடவை பதிகிற கருவி. மட்டம் ஏறும் வேகத்தைக் கேட்டார்கள், அடுத்தடுத்த இரண்டு அளவைக் கழித்துக் கொடுத்தேன், மணிக்கு 72 சென்ரிமீற்றர் ஏற்றம், அடுத்த வரியில் அதே அளவு இறக்கம்! பார்த்தால் 2 மில்லிமீற்றர் ஆட்டம்தான். மேலதிகாரி கருவி பழுது என்று எழுதச் சொன்னார். இப்போதுதான் தெரிகிறது, வாவியே வகையிட முடியாத சார்பு.

ஒலுவில் கரும்பலகை
வாவியைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் 2 மில்லிமீற்றர், இடைவெளியை 1 செக்கனாக்கினாலும் அநேகமாக 2 மில்லிமீற்றராகவே நிற்கும். அது கருவியின் இரைச்சல், அங்கே தொடர்ச்சியே இல்லை. தகாகி சார்பில் இடைவெளி சுருங்கினால் வித்தியாசமும் பூச்சியத்துக்குப் போகிறது, போதிய வேகத்தில் போகவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குக் கிட்டிய உறவு, நீரில் மிதக்கும் நுண்துகள் தாறுமாறாக அசைகிற பிரௌனிய இயக்கம்: இடைவெளி h என்றால் நகர்வு √h அளவில், வகுத்தால் 1/√h, அது வெடித்துப் போகும். அந்தப் பாதைக்கு எங்குமே வகையீடு இல்லை என்று பேலி, வீனர், சிக்மண்ட் என்ற கணிதர்கள் மூவரும் 1933-இல் நிறுவினார்கள்.

வாவி மட்டம்
ஆனால் மூலக்கூறு அளவுக்குக் கீழே போனால் √h-உம் நிற்காதே. அப்படியென்றால் இதெல்லாம் தாளில் மட்டும்தான்.

ஒலுவில் கரும்பலகை
நேர்கோடும் தாளில் மட்டும்தான். அதை வைத்து நீங்கள் வேகம் கணக்கிடவில்லையா?

கொக்கட்டி மச்சான்
சரி, மூலை வாதத்தை விட்டுவிடுகிறேன். இன்னொன்று கேட்கிறேன். x = 0-இல் வலது பக்கமாக உங்கள் படித்திறன் 1, 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போகிறது. முடிவிலி. இடது பக்கம் கழித்தல் முடிவிலி. அப்படியென்றால் அங்கே நிலைக்குத்தாக ஒரு தொடலி நிற்கிறது. எங்கும் தொடலி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஒலுவில் கரும்பலகை
எங்கும் முடிவுள்ள வகையீடு இல்லை என்பதுதான் கூற்று. இரண்டு பக்கமும் +∞ ஆகிற புள்ளிகள்கூட இந்தச் சார்பில் உண்டு. அவற்றை வகையீடு என்று நான் எண்ணமாட்டேன்.

கொக்கட்டி மச்சான்
வட்டத்தின் ஓரத்தில் நிலைக்குத்துக் கோட்டைத் தொடலி என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறீர்கள், இங்கே மட்டும் எண்ணமாட்டீர்களோ?

கல்லடிக்கரை
நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், எனக்கு ஒன்று. T(1/3)-ஐக் கூட்டினேன், s ஒவ்வொரு தடவையும் 1/3 வருகிறது, மொத்தம் 2/3. அதுதான் மிகப் பெரிய பெறுமானம் என்று படத்தில் தெரிகிறது. உயர்வுப் புள்ளியில் dy/dx = 0 என்று போட்டால் இது அகப்படாதே?

ஒலுவில் கரும்பலகை
அகப்படாது. 2/3 தான் உச்சம், சரியாகப் பிடித்தாய். உயர்வில் வகையீடு இருந்தால்தான் அது 0 ஆகும். பரீட்சையில் அந்த "இருந்தால்" என்பதை எழுத மறக்காதே. கொக்கட்டிக்கு இரவு வந்து பதில் எழுதுகிறேன்.