புதுப்பிப்பு: எங்கள் குழு வட்டி லாபத்தைப் பிரித்த கதை

"பத்துப் பேர் ஏப்ரலில் இருந்து மாதம் 200 கட்டுகிறோம், இரண்டு பேர் அக்டோபரில்தான் சேர்ந்தார்கள், வட்டியைச் சமமாகப் பிரிப்பதா?" என்று எங்கள் சேமிப்புக் குழுவைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

நேற்று பிரித்துவிட்டோம். மொத்தச் சேமிப்பின் விகிதத்தில் கொடுங்கள் என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி, ஆனால் ஏப்ரலில் போட்ட 200 பன்னிரண்டு மாதம் கடனாகச் சுற்றியதையும் மார்ச்சில் போட்ட 200 ஒரு மாதம்தான் சுற்றியது என்பதையும் அது பார்க்காது. வங்கியில் வேலை பார்த்த அக்கா சொன்னபடி ஒவ்வொருவரின் மாதக் கடைசி இருப்பையும் கூட்டினேன்: பழையவர்களுக்கு ஆளுக்கு 15,600, புதியவர்களுக்கு ஆளுக்கு 4,200, எல்லாருக்குமாக 1,64,400.

கடன் பேரேட்டில் வட்டி 1,884. ரொக்கப் புத்தகத்தில் 1,644தான், ஏனென்றால் ஒருவர் 240 இன்னும் கட்டவில்லை. நல்லவேளை, பிரிப்பதற்கு முன்பே கண்ணில் பட்டது, இல்லாவிட்டால் வராத வட்டிக்குச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்போம். கையில் வந்த 1,644-ஐ மட்டும் பிரித்ததில் பழையவர்களுக்கு ஆளுக்கு 156, புதியவர்களுக்கு 42. சமமாக என்றால் 137 போயிருக்கும்.

தங்கள் குழுவில் வட்டியைப் பிரிப்பதே இல்லை, அடுத்த கடனுக்கு அப்படியே விடுகிறோம் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். எங்களில் மூன்று பேருக்கு இப்போது அந்த யோசனை பிடித்திருக்கிறது. அந்த 240 வந்தால் எந்த வருஷக் கணக்கு என்பதில் மட்டும் இன்னும் பேச்சு ஓடுகிறது.