புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் மாமா கடை விளம்பர ரிப்போர்ட்

போன வாரம் நான் கேட்டது: "மாமாவின் புடவைக் கடைக்கு 12,000 இம்ப்ரெஷன், 2% கிளிக், 60 கன்வெர்ஷன் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?"

பசார் மாலாம் உதாரணம் சொன்னவருக்கு நன்றி, அதுதான் எடுபட்டது. "மாமா, பசார் மாலாமில் ஒரே ஆள் உங்க கடையை நாலு தடவை தாண்டிப் போனா இம்ப்ரெஷன் நாலு" என்றேன். ரிப்போர்ட்டில் 'ரீச்', அதாவது விளம்பரம் போய்ச் சேர்ந்த ஆட்களின் எண்ணிக்கை, 3,000தான். "அப்ப ஊரே பார்க்கலையா?" என்று முகம் சுருங்கிவிட்டது. 12,000 தடவை காட்டியதில் 240 தட்டல், அதுதான் அந்த 2%.

சிக்கல் கன்வெர்ஷனில். 60 புடவை விற்றதாகவே மாமா நம்பியிருந்தார். அத்தை பில் புத்தகத்தைப் புரட்டினார்: விளம்பரம் பார்த்து வந்தவர்கள் வாங்கியது எட்டே எட்டு. விளம்பரம் போட்ட பையனைக் கேட்டால், வாட்ஸ்அப் பட்டனைத் தட்டினாலே கன்வெர்ஷன் என்று வைத்திருக்கிறான். பொய் இல்லை, கன்வெர்ஷன் எது என்பதை நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும், நாங்கள் கேட்கவே இல்லை. செலவு 300 ரிங்கிட். அவன் கணக்கில் ஆளுக்கு 5, அத்தை கணக்கில் விற்பனைக்கு 37.50.

"கிளிக் 2% இருந்தால் கவலை வேண்டாம்" என்றவர் பாதி சரி: படம் ஈர்த்திருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப்பில் விலை கேட்டவர்களுக்கு மறுநாள்தான் பதில் போயிருக்கிறது.

இனி வாட்ஸ்அப்பில் வருபவரிடம் அத்தை "எங்க பார்த்தீங்க?" என்று கேட்டு எழுதுவார். நேரே கடைக்கு வருபவர்களை எப்படி எண்ணுவது என்பது இன்னும் இழுபறிதான்.