கால் வீக்கத்துக்காக நிறுத்திய மாத்திரைக்குள் இருந்த இன்னொரு மருந்து: பீட்டா பிளாக்கர் அனுபவங்கள்

கரூர் மருமகள்:
என் மாமியாருக்கு 67 வயசு. பல வருஷமா ஒரே பிரஷர் மாத்திரைதான், காலையில டிபனுக்கு அப்புறம் ஒண்ணு. போன மாசம் ரெண்டு கணுக்காலும் வீங்க ஆரம்பிச்சுது. சாயங்காலம் ஆனா செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்படியே நிக்கும். பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம். "இது ஆம்லோடிபினால வர்ற வீக்கம். அதை விட்டுட்டு இதைப் போடுங்க"ன்னு டெல்மிசார்ட்டன் 40 எழுதிக் குடுத்தாங்க. நாங்க சீட்டு மட்டும்தான் காட்டினோம், அட்டையை யாரும் பாக்கல. சீட்டுலயும் கம்பெனிப் பேர்தான் இருந்துச்சு.

வீக்கம் என்னவோ வடிஞ்சுது. ஆனா மூணாம் நாள்லேர்ந்து நெஞ்சு படபடங்குதுன்னாங்க. ராத்திரி தூக்கமே இல்லை. அஞ்சாம் நாள் மாடிக்குத் துணி காயப்போடப் போனவங்க பாதிப் படியிலயே உட்கார்ந்துட்டாங்க. நெஞ்சை யாரோ அழுத்துற மாதிரி இருக்குன்னாங்க. வீட்டு மெஷின்ல பிரஷர் 176/98, நாடி 116. அவங்களுக்கு நாடி எப்பவும் 65-க்குள்ளதான் இருக்கும்.

அவசரப் பிரிவுல ஈசிஜி எடுத்து, ரத்தமும் எடுத்தாங்க. ட்யூட்டி டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. முதல்ல கேட்டதே "சமீபத்துல எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?"ங்கிற கேள்விதான். கைப்பையில பழைய அட்டை கிடந்துச்சு. திருப்பிப் பாத்துட்டு, "இதுல ஆம்லோடிபின் 5 மட்டும் இல்லம்மா, அட்டெனோலால் 50-ம் இருக்கு. ரெண்டும் சேர்ந்து நின்னுபோச்சு"ன்னாங்க. அட்டெனோலாலைத் தனி மாத்திரையா திரும்ப ஆரம்பிச்சு ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. ஹார்ட் அட்டாக் இல்லை. நாடி பழையபடி இறங்கிடுச்சு. இப்படி வேற யாருக்காவது நடந்திருக்கா?

நெல்லை மருந்தாளுநர்:
இருபது வருஷத்துக்கு மேல கவுண்டர்ல நிக்கிறேன். இதே கதையை நிறையப் பாத்திருக்கேன். கூட்டு மாத்திரையில தொந்தரவு குடுக்கிறது ஒண்ணு, சட்டுனு நிறுத்தக் கூடாதது இன்னொண்ணு.

உங்க அட்டையை இப்ப எடுத்துப் பாருங்க. பெரிய எழுத்துல கம்பெனி வச்ச பேர் இருக்கும். அது பின்னாடி ஏடி, எம்டி, பீட்டான்னு ஒரு வால் ஒட்டியிருக்கலாம். அந்த வாலை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதுக்குக் கீழேயோ, அட்டையோட பின்பக்கமோ பொடி எழுத்துல மருந்தோட உண்மையான பேர் இருக்கும். "ஒவ்வொரு மாத்திரையிலும்"னு ஆரம்பிக்கிற வரி அது. அதுல எந்தப் பேராவது ஓ-எல்-ஓ-எல்னு நாலு எழுத்துல முடியுதான்னு பாருங்க. அட்டெனோலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால், ப்ரோப்ரானோலால் எல்லாமே பீட்டா பிளாக்கர்ங்கிற ஒரே குடும்பம்தான்.

ஒரு சங்கடம் என்னன்னா, நாங்களே அட்டையைக் கத்தரிச்சுக் குடுக்கிறோம். பத்து மாத்திரை அட்டையில அஞ்சு போதும்னு கேட்டு நாங்க வெட்டினா, பொடி எழுத்து இருக்கிற பாதி கடையிலயே நின்னுடும். வெட்டின அட்டையா இருந்தா ஒரு சீட்டுல உள்மருந்துப் பேரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எந்தக் கடைக்காரரும் மாட்டேன்னு சொல்லமாட்டார்.

சேலம் சிவா:
ஈஸியா ஒண்ணு சொல்றேன். "ஓல்"னு முடிஞ்சாலே பீட்டா பிளாக்கர். நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

நெல்லை மருந்தாளுநர்:
சிவா தம்பி, அப்ப பாராசிட்டமாலும் பீட்டா பிளாக்கரா? யூரிக் அமிலத்துக்குப் போடற அல்லோபியூரினாலும் அப்படித்தானே முடியுது. இன்னும் மோசம், வீசிங்குக்கு இழுக்கிற சால்பியூட்டமால். அது பீட்டா பிளாக்கருக்கு நேர் எதிர் வேலை பார்க்கிற மருந்து. கடைசி ரெண்டு எழுத்து போதாது, நாலும் வேணும்.

நாலு எழுத்துக்கும் விலக்கு இருக்கு. கார்வெடிலால், லேபெட்டலால் ரெண்டும் இந்தக் குடும்பம்தான், ஆனா முடிவு கொஞ்சம் மாறும். கார்வெடிலால் இதய பலவீனத்துக்கு நிறையப் பேர் சாப்பிடறது, லேபெட்டலால் கர்ப்பகால பிரஷருக்குக் குடுக்கிறது. மறுபக்கம், ஸ்டானோசொலால்னு ஒண்ணு அதே நாலு எழுத்துல முடியும். அது ஜிம் பசங்க ஆசைப்படற ஸ்டீராய்டு, இதயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பேரோட முடிவு சந்தேகப்படறதுக்கு உதவும், முடிவு பண்றதுக்கு இல்லை.

பருத்தித்துறை வாசகி:
எங்கட பக்கம் இந்த அட்டைப் பிரச்சினை வேற மாதிரி. அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில குளிசையைக் கடதாசிப் பையில போட்டு, மேல மருந்தின்ர பேரைக் கையால எழுதித் தருவினம். கொம்பனிப் பேர் இல்லாததால் அப்பாவுக்குத் தான் போடுறது அற்றெனோலோல் எண்டு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பலன் இல்லை. 2022இல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் கிளினிக்கில இல்லை, வெளியில வாங்கச் சொல்லிச்சினம். ரெண்டு பாமசி ஏறி இறங்கியும் கிடைக்கேல்ல. அப்பா "ஒரு கிழமைதானே" எண்டு விட்டிட்டார். ஏற்கெனவே நெஞ்சு நோ இருந்த மனுசன். அந்தக் கிழமையே நோ கூடி வாட்டில விட வேண்டி வந்தது. கையில இருக்கிறது முடியிறதுக்குப் பத்து நாள் முந்தியே தேடத் தொடங்கச் சொல்லி அங்கை ஒரு மிஸ்ஸி சொன்னவ. கிடைக்காட்டி அதே குடும்பத்தில வேற ஒண்டுக்கு மாத்தித் தர டொக்டருக்கு ஏலுமாம். நாங்கள் கேக்கவே இல்லை.

ஈரோடு கணேசன்:
சும்மா பயமுறுத்தாதீங்க. எங்கப்பா அட்டெனோலாலை ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டு நாட்டு மருந்துக்குப் போனார். ஒண்ணும் ஆகல. இன்னைக்கும் வயலுக்குப் போறார்.

நெல்லை மருந்தாளுநர்:
ஆகாதவங்களும் இருக்காங்க கணேசன், அதை மறுக்கல. என்ன நடக்குதுன்னு சொல்றேன். அட்ரினலின் இதயத்துல வந்து தட்டற கதவுகளை இந்த மாத்திரை சாத்தி வைக்குது. மாசக்கணக்கா சாத்தியே இருந்தா இதயம் புதுசா இன்னும் சில கதவுகளை வச்சுக்குது. திடீர்னு மாத்திரை நின்னா பழைய கதவு, புதுக் கதவு எல்லாம் ஒரே சமயத்துல திறந்துக்கும். அதே அளவு அட்ரினலின்தான், ஆனா இதயம் முன்னைவிட வேகமா ஓடும், அதிக ஆக்சிஜன் கேக்கும். ரத்தக்குழாய் நல்லா இருந்தா படபடப்போட போயிடும். குழாய்ல அடைப்பு இருந்தா நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம். அடைப்பு இருக்கிறது பல பேருக்கு முன்கூட்டித் தெரியறதில்லையே, அதுதான் வம்பு. உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகலங்கிறதை வச்சு அடுத்தவருக்குச் சொல்ல முடியாது.

ஆம்லோடிபின் அப்படி இல்லை. உடம்பை விட்டு மெதுவாத்தான் போகும், நிறுத்தினா பிரஷர் திரும்ப ஏறும், அவ்வளவுதான். கரூர் அம்மாவுக்குப் புதுசாக் குடுத்த டெல்மிசார்ட்டனும் நல்ல மருந்து. ஆனா அது நாடித்துடிப்பைத் தொடாது. அதனாலதான் பிரஷர் மாத்திரை போட்டும் நாடி 116.

மயிலாப்பூர் வீணை:
கச்சேரிக்கு முன்னால் கை நடுங்காமல் இருக்க டாக்டர் எனக்கு ப்ரோப்ரானோலால் 10 எழுதித் தந்திருக்கிறார். மாதத்தில் ஒன்றோ இரண்டோதான் போடுவேன். நானும் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமா?

நெல்லை மருந்தாளுநர்:
வேண்டாம். எப்பவாவது ஒண்ணு போடறதுக்கு இதயம் பழகிக்கிறதில்லை. தினமும் சாப்பிடறவங்களுக்குத்தான் இந்தப் பேச்சு. மைக்ரேன் வராம இருக்க அதே மாத்திரையைத் தினம் போடறவங்களும் அதுல சேர்த்தி. "எனக்குப் பிரஷரே இல்லையே"ன்னு அவங்கதான் சட்டுனு நிறுத்திடறாங்க.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
எனக்கு மெட்டோப்ரோலால் 50. நாடி 52 காட்டுகிறது. எழுந்தால் லேசாகத் தலை சுற்றுகிறது. இன்றிரவு முதல் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். எத்தனை நாளில் உடம்பை விட்டு வெளியேறும்?

கரூர் மருமகள்:
ஐயா, நிறுத்தக் கூடாதுன்னுதானே இவ்வளவு நேரம் பேசிட்டிருக்கோம்!

வார்டு நர்ஸ்:
அவர் சொல்றதுலயும் விஷயம் இருக்குங்க. ஐயா, 52 சில பேருக்கு டாக்டர் வேணும்னே வச்ச அளவா இருக்கும். ஆனா தலைசுத்தலோட 52-ன்னா நாளைக்குக் காலையிலயே எழுதிக் குடுத்தவர்கிட்ட பேசுங்க. ஈசிஜி எடுத்துட்டு அளவைக் குறைப்பார். மயக்கம் வந்தாலோ, நாடி இன்னும் இறங்கினாலோ விடியறவரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. நாடி ரொம்ப இறங்கினா நாங்களே வார்டுல சட்டுனு நிறுத்தறது உண்டு. ஆனா அப்ப பேஷண்ட் மானிட்டர்ல இருப்பார். வீட்டுல தனியா நிறுத்தறதும் அதுவும் ஒண்ணு இல்லை.

குறைக்கிறதுக்கும் ஒரே கணக்கு கிடையாது. சாதாரணமா ஒரு வாரம், ரெண்டு வாரத்துல பாதி, அதுல பாதின்னு இறக்குவாங்க. இதய அடைப்பு இருந்தா இன்னும் மெதுவா. குறைக்கிற நாட்கள்ல ஓட்டம், பாரம் தூக்கறது வேணாம்பாங்க. நெஞ்சு இறுகினா பழைய அளவுக்கே திரும்பப் போயிடுவாங்க. ஒரு வேளை மறந்துபோனதுக்கெல்லாம் பதற வேண்டாம். ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளை நெருங்கிட்டா விட்டுடுங்க, ரெண்டாச் சேத்துப் போடாதீங்க.

சேலம் சிவா:
எங்க டாக்டர் குறைக்கவே வேணாம், வேற மாத்திரைக்கு நேரா மாத்தலாம்னாரே?

வார்டு நர்ஸ்:
அதே குடும்பத்துல இன்னொண்ணுக்கு மாத்தினா நேராவே மாத்தறதுண்டு. வேற வகைக்குன்னா ஆளைப் பொறுத்து டாக்டருக்கு டாக்டர் மாறுது. குறைஞ்ச அளவுல இருக்கிற இளவயசுக்காரங்களுக்குச் சில பேர் நேரா நிறுத்தச் சொல்றதையும் பாத்திருக்கேன். உங்களுக்கு எதுன்னு இங்க சொல்ல முடியாது.

திண்டுக்கல் ராணி:
அம்மாவுக்கு நாளைக்கு ஹெர்னியா ஆபரேஷன். வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க. பிசோப்ரோலாலும் டெல்மிசார்ட்டனும் காலையில போடறவங்க. ரெண்டையும் விட்டுடணுமா?

நெல்லை மருந்தாளுநர்:
வெறும் வயிறுன்னா சாப்பாட்டுக்குத்தான் பெரும்பாலும். ஓ-எல்-ஓ-எல் மாத்திரையைப் பொதுவா அன்னைக்கும் விடச் சொல்றதில்லை. ஆனா நான் சொன்னேன்னு செய்யாதீங்க. மயக்க மருந்து குடுக்கிற டாக்டருக்கு இப்பவே போன் போட்டு ரெண்டு மாத்திரையோட பேரையும் வாசிச்சுக் காட்டுங்க.

திண்டுக்கல் ராணி:
கேட்டுட்டேன். பிசோப்ரோலாலைக் காலை ஆறு மணிக்கு ஒரு மடக்குத் தண்ணியில போட்டுட்டு வரச் சொன்னாங்க. டெல்மிசார்ட்டன் நாளைக்கு வேணாமாம். ரெண்டு அட்டையையும் கையோட எடுத்துட்டு வரணுமாம், வெட்டாத அட்டையா.