கண்ணாடிக்கு 1.67 வேண்டுமா?

குழு: பாம்பன் வீடு

ஜெயராஜ்: ஒரு யோசனை சொல்லுங்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.50. இராமநாதபுரத்தில் இரண்டு கடையில் விலை கேட்டேன். ஒன்றில் 1.67 லென்ஸ், நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட்டோடு 6,800 ரூபாய். இன்னொன்றில் 1.56, சாதாரண கோட்டிங், 2,200. பிரேம் தனி. எதை எடுப்பது?

சேவியர் மாமா: 1.67 எடு மாப்பிள்ளை. இண்டெக்ஸ் கூடக் கூட லென்ஸ் மெலியும், பார்வையும் தெளியும். முடிந்தால் 1.74 கேள்.

ஸ்டெல்லா அத்தை: எனக்கே 1.50தான், அதுவும் படிக்க மட்டும். இவனுக்கு அதற்குள் 1.67 வந்துவிட்டதா?

நிர்மலா அக்கா: அத்தை, உங்களுடையது பவர், பிளஸ் 1.50. ஜெயா சொல்கிற 1.67 லென்ஸ் எந்தப் பொருளில் செய்தது என்பதற்கான எண். அவனுக்குப் பவர் கூடவில்லை, பயப்படாதீர்கள்.
ஜெயா, விலையை அப்புறம் பார்ப்போம். பிரேமை எடுத்துவிட்டாயா? காதுக்கம்பியின் உள்பக்கம் இரண்டு எண், நடுவில் சின்னக் கட்டம் இருக்கும். அதையும் சீட்டில் உள்ள பி.டி.யையும் சொல்.

ஜெயராஜ்: எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், பணம் கட்டவில்லை. 54, கட்டம், 18. பி.டி. 62.

நிர்மலா அக்கா: நினைத்தேன். பெரிய பிரேம். 54 ஒரு லென்ஸின் அகலம், 18 இரண்டுக்கும் நடுவில் மூக்குப் பகுதி, கூட்டினால் 72. உன் கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரம், அதுதான் பி.டி., 62தான். அதனால் ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 5 மில்லி மூக்குப் பக்கம் தள்ளி வெட்டுவோம். மையத்திலிருந்து காதுப் பக்க ஓரம் 27-க்குப் பதில் 32 மில்லி தள்ளிப் போகும். மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அந்தத் தடிப்பு நாலு மடங்காகும்.
கணக்குப் போட்டேன். இந்தப் பிரேமில் 1.67 போட்டாலும் ஓரம் சுமார் 4.7 மில்லி. 48, 18 பிரேமில் 1.56 போட்டால் சுமார் 4.5. நடுத் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

ஜெயராஜ்: விலை குறைந்ததுதான் மெலிசா!

சேவியர் மாமா: அப்போது 1.67 வெறும் வியாபாரமா?

நிர்மலா அக்கா: இல்லை மாமா. மெலியும் என்று நீங்கள் சொன்னது சரி. மைனஸ் 6, 7 என்றால் நானே 1.67 எடுக்கச் சொல்வேன். ஆனால் பார்வை தெளியாது. ஓரமாகப் பார்க்கும்போது டியூப்லைட்டைச் சுற்றிக் கொஞ்சம் நிறம் பிரிந்து தெரியக்கூடும். சாதா லென்ஸைவிட வெளிச்சத்தையும் கூடுதலாகத் திருப்பி அடிக்கும். ஆன்ட்டி ரிப்ளெக்‌ஷன் கோட்டிங் இல்லாமல் அதை வாங்கவே கூடாது.
புளூ கட் கண் களைப்பைக் குறைக்கும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. 2023-ல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் அப்படித்தான் சொல்கிறது.

ஜெயராஜ்: போன கண்ணாடியிலும் கோட்டிங் இருந்தது. எட்டு மாதத்தில் மங்கிவிட்டது. கேட்டதற்குக் கடைக்காரர் பதிலே சொல்லவில்லை. (படம்)

நிர்மலா அக்கா: பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் வட்டவட்டமாக மெல்லிய கோடு. துடைத்ததில் வந்தது. வெயிலில் வண்டி டேங்கின் மேல் வைத்துக் கெட்டிருந்தால் சிலந்தி வலை மாதிரி வெடித்திருக்கும். நீ தினமும் பாலத்தில் வண்டியில் போகிறாய். உப்புச்சாரல் காய்ந்து லென்ஸில் பொடியாக நிற்கும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் மணல்தாள்தான். முதலில் நல்ல தண்ணீரில் அலசு, அப்புறம் துணி.

ஜெயராஜ்: சட்டை நுனிதான் அக்கா. பிரேமும் மூக்குப் பக்கம் பச்சை பிடித்துவிட்டது.

நிர்மலா அக்கா: பச்சை, கலப்பு உலோகத்தில் உள்ள செம்பு. மேல்பூச்சு போனதும் வியர்வையும் உப்பும் சேர்ந்து அரிக்கும். டைட்டானியம் நல்லது, விலை அதிகம். டி.ஆர்.90 பிளாஸ்டிக் லேசு, அரிக்காது. ஆனால் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்வது கடினம், அதனால் கடையிலேயே போட்டுக் குனிந்து பார். கீல் ஸ்குரூ துருப்பிடிக்கும் வகையா என்றும் கேள்.

சேவியர் மாமா: வல்லத்தில் போகிறவனுக்குப் பாலிகார்பனேட்தான். கயிறு தெறித்தாலும் உடையாது.

நிர்மலா அக்கா: அடி தாங்கும் என்பது உண்மை. ஆனால் கீறல் எளிதில் விழும், ஓர நிறமும் பிரியும். ஜெயா எத்தனை நாள் கடலுக்குப் போகிறான்?

ஜெயராஜ்: மாதம் இரண்டு மூன்று தடவை, ஐஸ் கம்பெனி வேலைதான் முக்கியம். இன்னும் முடிவு செய்யவில்லை.

நிர்மலா அக்கா: 48 அல்லது 50 பிரேம் பார். 1.60-க்கும் விலை கேள். எதை எடுத்தாலும் லென்ஸ் வந்த உறையைக் கேட்டு வாங்கு, இண்டெக்ஸும் கோட்டிங்கும் அதில் அச்சிட்டிருக்கும். போன் டார்ச்சை அடித்துப் பார்: பிரதிபலிப்பு மங்கலாகப் பச்சையோ ஊதாவோ இருந்தால் கோட்டிங் உண்டு, பளீரென்று வெள்ளையாக இருந்தால் இல்லை.

ஸ்டெல்லா அத்தை: நானும் கூட வருகிறேன். என் கண்ணாடிக் காது ஒன்று தளர்ந்துபோயிருக்கிறது.

ஜெயராஜ்: சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ், அத்தை. எடுத்து வைத்த 54 பிரேம் வேண்டாம் என்று கடைக்கு இப்போதே போன் போடுகிறேன்.