கண்ணிமையில் மஞ்சளாகப் படிவதற்கு என்ன சொல்?

உசிலம்பட்டியிலிருந்து:
வணக்கம். கண் முகாம் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இமையில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், மஞ்சளாகத் தட்டையாகப் படியும் சாந்தெலாஸ்மாவுக்குச் சொல் வேண்டும். ‘இமைக் கொழுப்புப் படிவு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

திருமங்கலம், தமிழாசிரியர்:
கிரேக்கத்தில் சாந்தோஸ் மஞ்சள். எலாஸ்மா, அடித்துத் தட்டிய உலோகத் தகடு. நமக்கோ சங்கப்பாட்டிலேயே ‘சுணங்கு’ இருக்கிறது. மேனியில் பொன்னிறமாகப் படரும் புள்ளி. வேங்கைப் பூவுக்கு ஒப்பிடுவார்கள். ‘இமைச்சுணங்கு’ என்றால் நிறமும் படர்வும் ஒன்றாக வந்துவிடும். பசலையையும் எண்ணிப் பார்த்தேன். குறுந்தொகையில் அது தலைவன் தொடத் தொட விலகும் பாசி. இது விலகாது.

மேலூர்:
ஐயா, சுணங்குவது என்றால் எங்கள் பக்கம் தாமதமாவது. கண்கட்டி என்ற சொல் இருக்கிறதே? அதற்கு நாமக்கட்டி உரசிப் போடுவார்கள்.

மதுரை, தோல் மருத்துவர்:
கண்கட்டி வேறு அம்மா. அது சிவந்து வீங்கும், வலிக்கும், சில நாளில் ஆறிவிடும். இது வலிக்காது, அரிக்காது, தானாகப் போவதும் அரிது. தோலிலுள்ள விழுங்கு செல்கள் கொலஸ்டிராலை நிறைய எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆக, ‘கொழுப்பு’ என்பதில் பொருள் குற்றமில்லை. ஆனால் இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தக் கொழுப்பு சரியாகவே இருக்கும்.

சோழவந்தான்:
நான் ஒப்பமாட்டேன் டாக்டர். இது வந்தாலே கொழுப்பு அதிகம்தான். எனக்கு 41 வயதில் இரண்டு இமையிலும் வந்தது. ஒரு கிளினிக்கில் லேசரில் எடுத்தார்கள்; இரத்தம் பார்க்கச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் திரும்ப வந்தது. அப்புறம் பார்த்தால் கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 204. என் தம்பிக்கும் அதே கதை. ‘கொழுப்பு’ என்று இருந்திருந்தால் நானே அன்றைக்குக் கேட்டிருப்பேன்.

மதுரை, தோல் மருத்துவர்:
உங்கள் கோபம் நியாயம். 190-ஐத் தாண்டி, தம்பிக்கும் இருந்தால் பரம்பரை வகையா என்று பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கும் சோதியுங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். மாத்திரையில் எண் இறங்கினாலும் படிவு பெரும்பாலும் கரையாது. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் பயப்படுவது மற்றப் பாதிப்பேருக்கு. கோபன்ஹேகனில் 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கொலஸ்டிரால் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும், இது இருந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது. பெயரிலேயே கொழுப்பு இருந்தால், ரிப்போர்ட் சரியாக வந்தவர் நிம்மதியாகப் போய்விடுவார். பிரஷரும் சர்க்கரையும் பார்க்கமாட்டார். ‘இமை மஞ்சள் திட்டு’ போதும்.

திருமங்கலம்:
மஞ்சள் பூசியது என்று நினைத்துவிடுவார்களே. திட்டு என்றால் வைகை மணல் திட்டு மாதிரி மேடு. சுணங்கை யாரும் மறுத்துச் சொல்லவில்லை, புரியாது என்றுதான் சொல்கிறீர்கள்.

உசிலம்பட்டி:
டாக்டர் சொன்ன ‘இமை மஞ்சள் திட்டு’, அதையே போடுகிறேன். ‘இரத்தக் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றும் பார்க்கவும்’ என்று கீழே ஒரு வரி.

சோழவந்தான்:
அந்த வரி சின்ன எழுத்தில் வேண்டாம். என் ரிப்போர்ட்டைத் தேடினேன். தைராய்டு பார்க்கவே இல்லை.