டிராஃப்ட் டியூபுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்:
புனல்மின் நிலையப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டிராஃப்ட் டியூபுக்கு 'வரைவுக் குழாய்' என்று யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள், அதைத் தூக்கிவிடப் போகிறேன். பிரான்சிஸ், கப்லான் டர்பைன்களில் ரன்னருக்குக் கீழே தொடங்கி, அகன்றுகொண்டே போய், வெளிக்கால்வாய்த் தண்ணீருக்குள் முடிகிற குழாய் இது. வேறு என்ன வைக்கலாம்?

செல்வம்:
உறிஞ்சுகுழாய். ஜெர்மன்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ரன்னரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது, அதனால்தான் மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

பீட்டர்:
எங்கள் தோட்டத்து பம்புசெட்டில் கிணற்றுக்குள் இறங்குவதைத்தான் உறிஞ்சுகுழாய் என்போம். இதிலும் ஃபுட் வால்வு உண்டா? பைக்காராவில் இப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகமே இல்லையே.

ராஜாராம்:
பீட்டர், ஃபுட் வால்வெல்லாம் கிடையாது, தண்ணீர் கீழ்நோக்கி வெளியேறுகிற வழி அது. பைக்காராவில் இருப்பது பெல்டன். அந்தச் சக்கரம் காற்றில் சுற்றுவதால் இந்தக் குழாய்க்கு அங்கே வேலையில்லை.

செல்வம் சொல்வது பாதி சரி. ரன்னருக்குக் கீழே அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவுதான், ஆனால் குழாய் தானாக எதையும் இழுப்பதில்லை. அதன் அடிவாயில் அழுத்தம் எவ்வளவு என்பதை வெளிநீர்மட்டம் தீர்மானித்துவிடுகிறது. குழாய் அகல அகல வேகம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது, கீழ்முனை அசையாது என்பதால் மேல்முனைதான் இறங்கிக்கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்கு பாருங்கள். ரன்னரை விட்டு வரும்போது வேகம் விநாடிக்கு 6 மீட்டர், அடிவாயில் 2 மீட்டர் என்போம். வேகத்துக்கான நீர் உயரம் 1.8 மீட்டரிலிருந்து 0.2 ஆகிறது. உராய்விலும் சுழிப்பிலும் 0.4 போனால் மீட்பு 1.2 மீட்டர். மொத்த நீர்த்தலை 20 மீட்டர்தான் என்றால் இது 6 சதவீதம், விட்டுவிட முடியாது. ரன்னர் வெளிநீர்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் அந்த உயரமும் வீணாகாது. ஆக, ரன்னருக்குக் கீழே வளிமண்டலத்தைவிட 4.2 மீட்டர் குறைவு, கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் மிஞ்சுவது சுமார் 6 மீட்டர்.

வில்லங்கமும் இங்கேதான் வருகிறது. இலைகளின் முதுகுப்புறத்தில் அழுத்தம் இதைவிடவும் இறங்கும், ஏறக்குறைய அரை மீட்டருக்கு வந்துவிட்டால் 30 டிகிரித் தண்ணீரே கொதித்துக் குமிழ்விடும். அந்தக் குமிழ்கள் உடையும்போது சரளைக்கல் உருள்கிற மாதிரி சத்தம் கேட்கும், அப்புறம் மிஷினை நிறுத்தி உள்ளே இறங்கிப் பார்த்தால் இலை ஓரம் கடற்பஞ்சு மாதிரி அரித்திருக்கும். குழாய் நன்றாக மீட்க மீட்க, ரன்னரை இன்னும் தாழ்வாக வைத்தாக வேண்டும். 'உறிஞ்சு' என்றால் குழாய் செய்கிற வேலையே மறைந்துபோகிறது, என் ஓட்டு விரிகுழாய்க்கு.

செல்வம்:
முழங்கை வடிவக் குழாயில் வளைவுக்குள் அகலமே பெரிதாகக் கூடாதே, அதையும் விரிகுழாய் என்பீர்களா? தவிர, பம்பில் வரும் டிஃப்யூசருக்கு நாம் 'விரி'யைத்தான் பயன்படுத்துகிறோம்.

கயல்:
வளைவு தாண்டிய பிறகு மறுபடி விரிகிறதே. ஆனால் டிஃப்யூசர் இடிக்கத்தான் செய்கிறது. 'வெளியேற்று விரிகுழாய்' என்றால் ரொம்ப நீளமா? இப்போதைக்கு அதைப் போட்டு வைக்கிறேன், கையேட்டில் அழுத்தமானியைப் பற்றிய அத்தியாயம் வரும்போது மறுபடி கேட்பேன்.